முதல் சம்பளச் சீட்டில் கழித்தது போக

என் முதல் சம்பளச் சீட்டு போனில்தான் வந்தது. அப்பாவுக்குக் காகிதம் வேண்டும் என்று ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருந்தார் அப்பா. பீஸுக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் சனிக்கிழமை கணக்குப் பார்த்துக் கையில் கொடுப்பார். சீட்டு என்ற ஒன்றை அப்பா வாழ்நாளில் வாங்கியதில்லை.

காகிதத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், பிறகு என்னிடமே நீட்டிவிட்டார்.

"நீயே படி கண்ணு. பொடி எழுத்தா அடிச்சிருக்கறான்."

எழுத்தில் ஒரு குறையும் இல்லை. அவருடைய வலது கண்ணில் புரை விழுந்து வருஷமாகிவிட்டது. ஆபரேஷன் என்று யாராவது வாயெடுத்தால், சீசன் முடியட்டும் என்பார். திருப்பூரில் சீசன் முடிந்து நான் பார்த்ததில்லை.

"பேசிக், டி.ஏ. ரெண்டும் சேத்தி பத்தாயிரம்" என்றேன்.

"செரி."

"வீட்டு வாடகைப் படி நாலாயிரம்."

"நாம சொந்த ஊட்லதான இருக்கறோம்? பொறவு கேட்டா பொய் சொன்னேன்னு புடுங்கீருவாங்க."

"எல்லாருக்குமே போடறதுதானுங்கப்பா. சம்பளத்தைப் பிரிச்சுக் காட்டறாங்க, அவ்வளவுதான்."

சமையல்கட்டிலிருந்து அம்மா சிரித்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்தம் என்று நான் படிக்க ஆரம்பித்ததுமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பி.எஃப். ஆயிரத்து இருநூறு."

"ஆயிரத்து இருநூறா? வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு. எங்ககிட்டயும் இதுல சேத்தறதுக்குன்னு வந்து ஆதார் கேட்டப்ப, நாங்க அத்தன டெய்லரும் முடியாதுன்னுட்டோம். கைல வாங்கறதுதான் காசு."

"என்ற சம்பளத்துக்கு வேண்டாம்னு சொல்ல முடியாதுங்கப்பா. கம்பெனியும் அதே அளவு போடோணும். எல்லாம் நம்ம பேர்லதான் இருக்கும்."

"அவன் எதுக்குப் போடறான்?"

எனக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு பிடிவாதத்தால்தான் இத்தனை வருஷம் மிஷினில் குனிந்தும் அவர் பெயரில் ஒன்றும் சேரவில்லை. சண்டை எதற்கு என்று அடுத்த வரிக்குப் போனேன்.

"இ.எஸ்.ஐ. நூத்தி அஞ்சு. இதுக்கு ஆஸ்பத்திரில வைத்தியம் பாப்பாங்க. எனக்கு மட்டுமில்ல, அம்மாவுக்கும் சேத்தித்தான்."

"பரவால்லியே" என்றார். முதல் முறையாக முகம் தெளிந்தது. "அப்ப நானு?"

அந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். ஆபீசில் எச்.ஆர். அக்காவிடம் முதல் வேலையாகக் கேட்டிருந்தேன். என் சம்பாத்தியத்தை நம்பி இருக்கும் தகப்பன் என்றால் சேர்க்கலாம். ஆனால் அவருடைய மாத வருமானம் ஒன்பதாயிரத்தைத் தாண்டக்கூடாது. அப்பாவோ வாராவாரம் நாலாயிரத்துக்குக் குறையாமல் அம்மா கையில் கொடுப்பவர். எங்கள் தெருவில் அவரை நல்ல கைவேகக்காரர் என்பார்கள். அந்தப் பெருமையில்தான் அவர் நடையே இருக்கும்.

"உங்களச் சேத்த முடியாதுங்கப்பா. மாசம் ஒம்பதாயிரத்துக்கு உள்ள வாங்கறவங்களத்தான் சேத்துவாங்க. நீங்கதான் நெறையச் சம்பாதிக்கறீங்களே."

கேலியாகத்தான் சொன்னேன். அப்பா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"சேத்திக்க கண்ணு" என்றார்.

"பொய் எழுதக்கூடாதுங்கப்பா."

"பொய் இல்ல சாமி. தையல் கோடு தெரியறதில்ல. பீஸெல்லாம் திரும்பி வருது. தீவாளிக்கு அப்பறம் மிஷின் குடுக்கல. பிசிர் வெட்ட உட்டிருக்கறாங்க."

பிசிர் வெட்டுவது என்றால், தைத்து முடித்த பனியனில் தொங்கும் நூலைக் கத்திரியால் நறுக்கும் வேலை. அதற்குக் கிடைக்கும் கூலி எனக்குத் தெரியும்; மாதம் ஒன்பதாயிரத்தைத் தொடாது.

"அப்ப சனிக்கெழம எனக்குக் குடுக்கறது?" என்றாள் அம்மா.

"கான்ட்ராக்டர்கிட்ட அட்வான்ஸ்."

அம்மா உள்ளே போனாள். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் என்மேலேயே திரும்பியது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவர் நூல் வெட்டுகிறார் என்பதுகூடத் தெரியாமல், வரி வரியாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காகிதத்தை மடிக்கப் போனேன். அப்பா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இன்னொரு வரி இருக்குமே. எல்லாம் போக எவ்வளவு வருது?"

"அப்பறம் பாக்கலாங்கப்பா."

"படிச்சிரு கண்ணு. இனி அதுலதான ஊடு ஓடோணும்."

படித்தேன். பன்னிரண்டாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்து.