தேடினால் வராத தேர்

பாலேஸ்வரி அன்ரியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுத என்னால் முடியும். ஆனால் அவருடைய அண்ணன் வரதராசாவைத் திட்டாமல் எழுத முடியாது. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த மனிதரைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

நாங்கள் மூன்று பேரும் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரே கட்டடத்தில் இருக்கிறோம். அன்ரி நாலாம் மாடி. நான் அவருக்கு எதிர்க்கதவு. அண்ணன்காரர் இரண்டாம் மாடி. அண்ணனும் தங்கையும் ஓர் ஊர், நான் வேறு ஊர். அவர்களுடைய ஊர்ப் பிள்ளையாரை நான் நேரில் கும்பிட்டதுகூட இல்லை.

அன்ரிக்கு அறுபத்து மூன்று வயது. ஒரு கப்பல் கம்பனியில் இருபத்தேழு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவர். கடை அப்பம் வாங்கமாட்டார், லிஃப்டில் ஏறினால் யாருடனும் கதைக்கமாட்டார், கடன்வாங்கிய கறிவேப்பிலையைக்கூட மறுநாள் திருப்பித் தருவார். ஆனால் ஆவணி மாதம் வந்தால் ஆளே வேறு. ஊர்க் கோவிலில் தேர்த் திருவிழா அவர் கணவர் வீட்டாரின் உபயம். கணவர் போன பிறகும் அதை விடாமல் செய்துவந்தார். முப்பத்தொரு வருடம் ஒரு தேரையும் தவறவிட்டதில்லை.

போன வருடத் தேரில்தான் வினை வந்தது. பூசை முடிந்து உபயகாரருக்கு ஐயர் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த காளாஞ்சித் தட்டை நீட்டுவது வழக்கம். அன்ரி கையை நீட்டினார். பக்கத்தில் நின்ற வரதராசா, அந்தக் கோவிலின் கொழும்புக் கிளைச் செயலாளர், "தாலி இல்லாத பொம்பிளை முன்னுக்கு வந்து தட்டு வாங்கப்படாது" என்று சொல்லித் தானே வாங்கிக்கொண்டார். அன்ரி அசையவில்லை. "அண்ணை, தட்டைத் தாங்கோ. இது என்ர உபயம்" என்றார். ஐயரின் மைக் அதைக் கேட்டது. நேரலைக் கமரா அதைப் பார்த்தது. அன்று மாலையே ரொறன்ரோவிலிருந்து லண்டன் வரை அந்தத் துண்டு சுற்றியது. வரதராசாவின் முகத்தில் யாரோ கழுதைக் காதுகூட ஒட்டியிருந்தார்கள். நான் அதை மூன்று தரம் பார்த்துச் சிரித்தேன், பொய் சொல்லவில்லை.

தட்டைப் பறித்தவர் அவர். வெட்கம் கெட்டவள் என்று பேர் வாங்கியது தங்கை. அன்றைக்கே வரதராசா ஊராரின் வட்ஸ்அப் குழுவிலிருந்து அன்ரியை நீக்கினார். லிஃப்டில் கண்டாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் அன்ரி ஏறியதும் இவர் இறங்கிப் படியால் போனார். எழுபது வயதில் அவ்வளவு வைராக்கியம்.

இந்த வருடம் ஆனியில் அன்ரி குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை செய்து, நடைச்சட்டத்தைப் பிடித்தபடி கட்டிலுக்கும் கதிரைக்குமாக இருந்தார். யாழ்ப்பாணத்துக்குப் பஸ்ஸில் போவதை நினைத்தும் பார்க்க முடியாது. "பரவாயில்லை, ரீவியில பாப்பம்" என்று தன்னையே தேற்றிக்கொண்டார். அந்த ஒன்றைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார்.

கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்னர் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. அந்த ஊரார் எட்டு வீடு எங்கள் கட்டடத்தில் இருக்கிறார்கள், அதனால்தான் சுவரில் ஒட்டுகிற பழக்கம்.

"பக்த அடியார்களுக்கு அறியத்தருவது. ஆலய மகோற்சவ நேரலையின் இணைப்பு இவ்வருடம் 'அன்லிஸ்டட்' ஆக அமைக்கப்பட்டுள்ளது. யூரியூப்பில் ஆலயத்தின் பெயரைத் தேடினால் வராது. சனலின் பக்கத்திலும் தோன்றாது. ஒவ்வொரு நாள் விழாவுக்கும் வெவ்வேறு இணைப்பு. அது குழுவில் உள்ளோருக்கு மட்டும் காலையில் அனுப்பப்படும். பிறருக்கு அனுப்புதல் ஆகாது. அனுப்புவோர் யாரென்பது நிர்வாகத்துக்குத் தெரியவரும். ஆலயத்தின் கண்ணியம் கருதி, செயலாளர், சி. வரதராசா."

ஆலயத்தின் கண்ணியமாம்! கழுதைக் காதின் எரிச்சல் என்று எழுதியிருந்தால் உண்மையாவது இருந்திருக்கும். நான் அதைச் சுவரிலிருந்து பிய்த்தேன். காவலாளி சிங்களத்தில், "மிஸ், ஏக்க கடன்ன எப்பா!" என்று கத்தினான். கிழிக்காதே என்கிறான். கிழித்தாயிற்று என்று சொல்லிவிட்டு மேலே கொண்டுபோனேன்.

அன்ரி கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"எனக்குத்தான் எழுதியிருக்கிறார்," என்றார்.

"கேட்டுப் பாருங்கோ அன்ரி. தேர் உங்கட உபயம்."

என் முன்னாலேயே அண்ணனைத் தொலைபேசியில் கேட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அண்ணை, தேரண்டைக்கு மட்டும் லிங்கை அனுப்புங்கோ."

"குழுவில பேர் இல்லாத ஆக்களுக்குக் குடுக்கேலாது."

"பேரை எடுத்தது நீங்கள்தானே?"

"ஓம். நான்தான். போன முறை சந்தி சிரிக்க வைச்சாய், காணும்." தொலைபேசி வைக்கப்பட்டது.

அன்ரி அழவில்லை. அறிவித்தலை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். அது எனக்கு அழுகையைவிட மோசமாக இருந்தது.

மற்ற ஆறு வீட்டுக்கும் நானே ஏறி இறங்கினேன். எல்லோரும் அன்ரியின் கையால் மோதகம் தின்றவர்கள். ஒருவர்கூட லிங்கைத் தருவதாகச் சொல்லவில்லை. மூன்றாம் மாடிக்காரி கதவைப் பாதி திறந்தபடி, "அனுப்பினால் ஆர் அனுப்பினது எண்டு அவருக்குத் தெரியுமாமே, பிள்ளை. பிறகு எங்களையும் குழுவிலயிருந்து வெட்டிப்போடுவார்" என்று கிசுகிசுத்தார். படித்த சனம், வங்கியில் வேலைசெய்த சனம். இருட்டில் கண்ட கயிற்றைப் பாம்பென்று நம்பி, விளக்கைப் போட்டுப் பார்க்கவும் பயப்பட்டது.

எனக்கு ஆறவில்லை. நேரலை செய்கிற ஸ்ரூடியோவின் சனலைத் தேடினேன். இந்த வருடத் திருவிழா எதுவும் இல்லை, ஆனால் அவர்கள் எடுத்த கலியாண வீடியோக்களுக்குக் கீழே தொலைபேசி எண் இருந்தது. போனை எடுத்தவர் கிளெமென்ற், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். பிள்ளையார் கோவிலுக்கு ஆறு வருடமாகக் கமரா பிடிக்கிறார்.

விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "அன்லிஸ்டட் எண்டால் தேடினால் வராது, அவ்வளவுதான் அக்கா. பூட்டுப் போட்டதில்லை. லிங்க் கையில இருக்கிற ஆரும் பாக்கலாம், ஆருக்கும் அனுப்பலாம். எத்தினை பேர் பாக்கினம் எண்டு தெரியும். ஆர் ஆருக்கு அனுப்பினது எண்டு யூரியூப் எனக்கே சொல்லாது, அவருக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்ப அந்த அறிவித்தல்?"

"அது சும்மா வெருட்டு. இல்லாட்டி அவர் உண்மையாகவே அப்பிடி நினைச்சிருப்பார். தேர் அந்த அம்மாவின்ர உபயம்தானே? நான் அனுப்புறன். ஆனால் ஒண்டு, கருவறைப் பக்கமிருந்து வசந்த மண்டபத்துக்குக் கமரா மாறேக்க அந்தக் கல்லுச் சுவருக்குள்ள சிக்னல் விழும். விழுந்தால் அந்த ஒளிபரப்பு முடிஞ்சுபோகும். புதுசு போடோணும், லிங்கும் புதுசு. வராட்டி போன் அடியுங்கோ."

தேருக்கு முதல்நாள் காலை, சங்கற்பத்துக்கு வாசிக்க வேண்டிய பெயர்களையும் நட்சத்திரங்களையும் அன்ரி ஒரு தாளில் எழுதி மடித்துத் தந்தார். "படம் எடுத்து ஐயருக்கு அனுப்பு" என்றார். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்திருந்தேன். விரித்து, படம் எடுத்து அனுப்பிவிட்டு ஓடினேன், வாசிக்கவில்லை.

தேரன்று காலை ஆறரைக்கு கிளெமென்ற் அனுப்பிய லிங்கை அன்ரியின் ரீவியில் போட்டுவிட்டேன். அன்ரி தலைமுழுகி, பட்டுச் சேலை கட்டி, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அபிஷேகம் பார்த்தோம். பிள்ளையார் பாலில் குளித்தார். ஏழேகாலுக்குப் படம் நின்றது. ஒளிபரப்பு முடிந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது.

"சங்கற்பம் இனித்தான் பிள்ளை," என்றார் அன்ரி.

கிளெமென்ற்றுக்கு அடித்தேன். ஐந்தாம் முறைதான் எடுத்தார். "போட்டிட்டன் அக்கா, இந்தா" என்று ஓடிக்கொண்டே சொன்னார். லிங்க் வந்தது, அமத்தினேன், வசந்த மண்டபம் வந்தது. மணியும் நாதஸ்வரமும் வீடெல்லாம் கேட்டது.

அப்போது கதவில் தட்டினார்கள். திறந்தேன். வரதராசா. வேட்டி, சால்வை, திருநீறு எல்லாம் இருந்தன. மூச்சு மட்டும் இல்லை, இரண்டு மாடி படியால் ஏறியிருக்கிறார்.

"மணிச் சத்தம் கேட்டுது. இங்கை படம் ஓடுதோ?"

"ஓடுது."

"எனக்கு நிண்டிட்டுது. கிளெமென்ற் போனை எடுக்கிறானில்லை. கனடாவிலயிருந்து சனம் எனக்கு அடியாய் அடிக்குது."

இப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காக ஒரு வருடம் காத்திருந்ததுபோல் இருந்தது எனக்கு. "யூரியூப்பில கோவில் பேரைத் தேடிப் பாருங்கோ, அங்கிள்."

"தேடினால் வராது," என்றார் எரிச்சலாக.

"ஓம். சுவரில வாசிச்சனான்."

அவர் முகம் கறுத்தது. என்னைத் தாண்டித் தங்கையைப் பார்த்தார். அன்ரி திரும்பவில்லை. திரையையே பார்த்தபடி, "பூசை நடக்குது, கதைக்காதேங்கோ" என்றார். உள்ளே வாங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று தெரியாமல் அவர் வாசற்படியில் நின்றார்.

ஐயர் உபயகாரரின் குடும்பத்தை வாசிக்கத் தொடங்கினார். மைக்கில் தெளிவாகக் கேட்டது.

"பூரட்டாதி நட்சத்திரே... வரதராசா நாமதேயஸ்ய..."

முதற் பெயர் அது. அதற்குப் பிறகுதான் அன்ரியின் பெயரும் மற்றவர்களின் பெயர்களும். நான் திரும்பிப் பார்த்தேன். வரதராசாவின் கை சால்வை நுனியைப் பிடித்தபடி நின்றுவிட்டது. பெயர்கள் முடியும்வரை நின்றார். பிறகு படியால் இறங்கிப் போனார்.

"அந்த லிங்கை அவருக்கு அனுப்பு," என்றார் அன்ரி.

"ஏன் அன்ரி? கொஞ்சம் தவிக்கட்டும்."

"சனம் என்ன பாவம் செய்தது? அனுப்பு."

பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன். கீழே இரண்டாம் மாடியிலிருந்தும் அதே மணி கேட்கத் தொடங்கியது.

"உங்களுக்குச் சூடு சொரணை இல்லையோ?" என்று கேட்டேவிட்டேன். "அந்த ஆளின்ர பேரை முதல் பேராய்க் குடுத்திருக்கிறியள்!"

"அது பழைய லிஸ்ற் பிள்ளை. வெட்ட மறந்துபோனன்," என்றார். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. தேரில் பிள்ளையார் ஏறிக்கொண்டிருந்தார்.

மேசையில் அந்தத் தாள் மடித்தபடி கிடந்தது. எடுத்து விரித்தேன். தட்டெழுத்தாளரின் ஒழுங்கான கையெழுத்து, பதினொரு பெயர், ஒரு வெட்டும் இல்லை. மறுபக்கம் திருப்பினேன். மூலைகளில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. "பக்த அடியார்களுக்கு அறியத்தருவது" என்று தொடங்கியது.