வான்கோமைசினை நிறுத்தியது

ஒரகடம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் டாக்டராக இருந்தேன். கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் கை கிழிந்து, சீழ் பிடித்து, காய்ச்சலோடு வந்த திருநெல்வேலி இளைஞனுக்கு எடுத்த எடுப்பிலேயே வான்கோமைசின் என்ற வீரியமான, விலை கூடிய ஆன்டிபயாடிக்கைப் போட்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் ஆய்வக டாக்டரம்மா அதை நிறுத்திவிட்டுப் பழைய, மலிவான க்ளாக்சசிலின் போடச் சொன்னார். ஒரு தாளையும் நீட்டினார். எங்கள் நோயாளிகளிடம் ஓராண்டில் கண்ட கிருமிகள் எந்தெந்த மருந்துக்கு அடங்கின என்ற பட்டியல் அது. செலவைக் குறைக்க நிர்வாகம்தான் இவரை ஏவிவிட்டிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஒரே பேஷன்ட்ட நாலு தடவ எண்ணியிருந்தா கணக்கே தப்பாயிடுமே?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளோட ஒரு கிருமிய ஒரு தடவதான் எண்ணினேன். பட்டியல விடுங்க, இவரோட சீழ்ல வளந்தத வந்து பாருங்க."

கிருமியை வளர்த்த தட்டில், க்ளாக்சசிலின் வகை மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத அகலமான வட்டம் இருந்தது.

"இந்தக் கிருமிய வான்கோமைசினவிட க்ளாக்சசிலின்தான் நல்லாக் கொல்லும்" என்றார்.

மாற்றி எழுதினேன். இளைஞனின் அறைத்தோழன் என்னை மறித்தான்.

"பெரிய மருந்த ஏன் சார் நிறுத்துதிய? கம்பெனிக்காரன் சொன்னானா?"

"என்ன கிருமின்னு இப்பதான் தெரிஞ்சுது. அதுக்கு ஏத்த மருந்து இதுதான்."

என் குரலை நானே நம்பவில்லை. அன்று நான்கு முறை கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது, சீழும் வற்றியது.

அடுத்த கைக்காயத்துக்கு மருந்து எழுதும் முன் அந்தப் பட்டியலை நானே கேட்டு வாங்கினேன். சீழையும் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

"மருந்து எழுதுறதுக்கு முன்னாடி வர்ற இந்தச் சந்தேகம் நல்லதுதான்" என்றார் டாக்டரம்மா.