தூசியோடு போன புள்ளிகள்

மருத்துவமனையின் மருந்தகத்தில் எல்லோரும் அவளைச் 'சல்லடை அக்கா' என்றே கூப்பிட்டார்கள். எதையும் சலிக்காமல் விடமாட்டாள். கணவன் கண்மூடிய பிறகு தட்டச்சு செய்தே மகளை நர்ஸாக்கிய கைகள் அவை. மகளுக்கு இப்போது அதே கட்டடத்தில், குழந்தைகள் வார்டில் வேலை.

அந்த வார்டின் மருந்தளவு அட்டைகள் ஆயிரத்து இருநூறு. பழுப்பேறி, புள்ளி புள்ளியாய்க் கறை. அவற்றை ஸ்கேன் செய்து, கணினி படித்துத் தரும் எழுத்துகளைச் சரிபார்த்துப் பட்டியலில் ஏற்றுவது அவள் பொறுப்பு. திங்கட்கிழமை முதல் நர்ஸ்கள் திரையைப் பார்த்தே மருந்து கொடுப்பார்கள்.

வெள்ளி மதியம் கணினிப் பிரிவு மேலாளர் உற்சாகமாக வந்தார்.

"அக்கா, கறை நீக்குற வசதியைப் போட்டு எல்லாத்தையும் திரும்ப ஓட்டிட்டேன். கணினிக்குச் சந்தேகம் வந்தா போடுற சிவப்புக் குறி ஒண்ணுகூட இல்ல. கிளம்புங்க வீட்டுக்கு!"

"சந்தேகமே வராதவங்களைப் பார்த்தாதான் சார் எனக்குப் பயம்."

மருந்தகத்துப் பட்டியலில் இருந்த பெரியவர்களுக்கான அளவையும் புதிதாக ஏறிய குழந்தைகளுக்கான அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். ஒரு மருந்தில் பெரியவர்களுக்குப் பத்து மில்லி, குழந்தைக்கு இருபத்தைந்து! உடனே அந்த மருந்தின் அட்டையை எடுத்தாள். 2.5 என்று தெளிவாக இருந்தது. சுத்தம் செய்த படத்தில் நடுப்புள்ளி இல்லை. கறையென்று நினைத்துக் கணினி அதையும் துடைத்துவிட்டிருந்தது.

"உங்க ஒப்பீட்டுல இந்த மாதிரி ஏழுதான் மாட்டிருக்கு. திருத்திட்டா முடிஞ்சுது," என்றார் மேலாளர்.

அவள் கட்டிலிருந்து உருவிப் பார்த்த இன்னொரு அட்டையை நீட்டினாள். "இதைப் பாருங்க சார். குழந்தைக்கு 1.5, பட்டியல்ல 15. பெரியவங்களுக்கு 20. அதைவிடக் கம்மியா இருக்கறதால என் ஒப்பீட்டுல இது மாட்டவே மாட்டாது. இப்படி எத்தனை ஒளிஞ்சிருக்கோ?"

"அப்போ திங்கட்கிழமை?"

"தள்ளிப் போடுங்க. என் பொண்ணு அந்தத் திரையைப் பார்த்து ஒரு பச்சைக் குழந்தைக்குப் பத்து மடங்கு ஊத்திட்டா, அந்தத் தாய் முகத்துல நான் எப்படி சார் முழிப்பேன்?"

அவர் தலைமை மருந்தாளரை அழைத்து வந்தார். அட்டைகளைப் பார்த்த அந்த அம்மா அங்கேயே கறை நீக்கும் வசதியை அணைக்கச் சொன்னார். எல்லாம் மறுபடி ஓடியது. இம்முறை சிவப்புக் குறிகள் அம்மை போட்டதுபோலத் திரையெங்கும். பத்து நாள், ஒருவர் அட்டையிலிருந்து எண்ணை வாய்விட்டுப் படிக்க, அவள் பட்டியலில் பார்த்தாள். முந்தைய பட்டியலில் புள்ளி தொலைத்த அளவுகள் மொத்தம் நாற்பத்தொன்று இருந்தன. புள்ளிகள் எல்லாம் தம் இடத்துக்குத் திரும்பின.

திரை வார்டுக்கு வந்த அன்று மகள் போன் செய்தாள்.

"அம்மா, புது நர்ஸ் ஒருத்தி இந்தத் திரையை நம்பலாமான்னு கேட்டா."

"நீ என்னடி சொன்னே?"

"எங்கம்மா சரிபார்த்ததுன்னு சொன்னேன். சும்மா இல்லம்மா... காலரைத் தூக்கி விட்டுட்டுச் சொன்னேன்!"

சல்லடை அக்கா போனை வைத்தாள். கண்ணீர் வழியும் முகத்தோடு, அந்த அறையே நிறையும்படி நிமிர்ந்து நின்றாள்.