எடைகள் திரும்ப வந்தாலும் ஒரே மரம்

விடைத்தாள் திருத்தும் முகாம் அந்த முறை திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு கல்லூரியில் நடந்தது. நான் வேங்கிக்காலில் மாடி வீடு ஒன்றில் தனியாக வாடகைக்கு இருந்தேன். வேறொரு தனியார் கல்லூரியில் அல்காரிதம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். முகாமில் எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. பக்கத்து மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் கல்லூரி வாரியாகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து நான் மட்டும்தான். ஜன்னலோரத்து மேஜை எனக்குக் கிடைத்தது.

முதல் நாள் காலையில் தலைமைத் தேர்வாளர் விடைக்குறிப்பை வாசித்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், பொறுமையான மனிதர். ஒரு கேள்வியில் நான்கு புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும், ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எடையும் கொண்ட படம் இருந்தது. ஏ–பி 2, பி–சி 2, ஏ–சி 3, சி–டி 3, பி–டி 4. எல்லாப் புள்ளிகளையும் சுற்று எதுவும் இல்லாமல், மிகக் குறைந்த மொத்த எடையில் இணைக்கும் மரத்தை, அதாவது மினிமம் ஸ்பானிங் ட்ரீயை, வரைய வேண்டும். அந்த மரம் ஒன்றே ஒன்றுதானா என்றும் காரணத்தோடு சொல்ல வேண்டும். குறிப்பில் விடை இப்படி இருந்தது: ‘இல்லை. எடைகள் திரும்ப வருகின்றன.’

நான் கையைத் தூக்கினேன்.

“சார், இந்தப் படத்துல மரம் ஒண்ணுதான் சார். இந்தக் குறிப்பு சரியில்ல.”

“ரெண்டு, மூணு ரெண்டுமே ரெண்டு தடவை வருதுங்களே. எடை எல்லாம் வேற வேறயா இருந்தாதான் மரம் ஒண்ணுன்னு புக்லயே இருக்குங்க.”

“வேற வேறயா இருந்தா கண்டிப்பா ஒண்ணுதான்னு இருக்கு சார். திரும்ப வந்தா ஒண்ணு இல்லன்னு எங்கயும் இல்ல.”

கூடத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். எனக்குப் பின் மேஜையில் இருந்த இளம் விரிவுரையாளர் எழுந்தார். எதிர்ப்பதற்காக அல்ல, நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார்.

“மேடம், பி-யைத் தனியா பிரிச்சுப் பாருங்க. அந்த வெட்டைத் தாண்டிப் போற கோடுகள்ல எடை ரெண்டு உள்ளதே ரெண்டு இருக்கு. எதை வேணா எடுக்கலாமே. அப்புறம் எப்படி ஒண்ணுன்னு சொல்றீங்க?”

நல்ல கேள்வி. புள்ளிகளை இரண்டு பக்கமாகப் பிரித்தால், நடுவே போகும் கோடுகளில் ஒன்று மட்டும் மிகச் சிறியதாக இருந்தால் அது எல்லாச் சிறந்த மரத்திலும் இருந்தே தீரும். இதுதான் வெட்டுப் பண்பு. சமமாக இரண்டு இருந்தால் அந்த வெட்டை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான். மரம் இரண்டு என்று அதற்கு அர்த்தமில்லை.

“ரெண்டுமே மரத்துல வருது சார்,” என்றேன். “ஒண்ண எடுத்தா இன்னொண்ண விடணும்னு இல்ல. ஏ-வை மட்டும் பிரிச்சுப் பாருங்க. தாண்டுறது ரெண்டும் மூணும். ஏ–பி வந்தே ஆகணும். அடுத்து ஏ, பி ஒரு பக்கம், சி, டி ஒரு பக்கம். தாண்டுறது ரெண்டு, மூணு, நாலு. பி–சி வந்தே ஆகணும்.”

“சரி, மூணு? ஏ–சி வெளிய இருக்கு, சி–டி உள்ள இருக்கு. மாத்திப் போட்டா மொத்தம் அதேதானே?”

“மாத்திப் போட்டா டி அறுந்து தனியா நின்னுடும் சார். டி-க்குப் போறது மூணும் நாலும்தான். சி–டியை விட முடியாது.”

அவர் உட்கார்ந்தார். தலைமைத் தேர்வாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். விடைத்தாள் கட்டுகள் மேஜைக்கு வந்தன. யாரும் என்னோடு பேசவில்லை.

தேநீர் நேரத்தில் அறைக்கு வரச் சொன்னார். தாளில் அந்தப் படத்திலிருந்து வரக்கூடிய மரங்கள் எல்லாவற்றையும் வரைந்து வைத்திருந்தார். ஒன்றின் மொத்தம் ஏழு. மற்றவை எட்டு, ஒன்பது, பத்து. ஏழுக்கு இன்னொன்று இல்லை.

“நீங்க சொன்னது சரிங்க. ஆனா பசங்க இப்படி எல்லாத்தையும் வரைய முடியுமா? என்ன காரணம் எழுதுனா மார்க் போடச் சொல்லட்டும்?”

“மரத்துல இல்லாத கோட்டை ஒண்ணொண்ணா சேர்த்துப் பார்க்கணும் சார். ஏ–சி-யைச் சேர்த்தா ஏ, பி, சி சுற்று வரும். அதுல ரெண்டு, ரெண்டு, மூணு. மூணுதான் தனியா பெருசு. பி–டி-யைச் சேர்த்தா ரெண்டு, மூணு, நாலு. நாலு தனியா பெருசு. ஒரு சுற்றுல தனியா பெருசா இருக்கற கோடு எந்தச் சிறந்த மரத்துலயும் வராது. அப்ப இந்த ரெண்டும் போச்சு. மிச்சம் மூணு கோடுதான், மரம் அதுதான்.”

அவர் தலையாட்டினார்.

“மாத்திடலாம். ஆனா ‘திரும்ப வருது, அதனால இல்ல’ன்னு எழுதுனவங்களுக்கு அந்த மார்க் போகும். வகுப்புல அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. அதையும் யோசிச்சுக்குங்க.”

நான் அதை யோசித்திருக்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பி அவர் அறிவித்தபோது முணுமுணுப்பு எழுந்தது. காலையிலிருந்து திருத்தியதை எல்லாரும் மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு அம்மா என் காதில் விழும்படியே சொன்னார்: “பாஸ் மார்க்குல நிக்கறவன் இதால ஃபெயிலாவான். ஜாஸ்தி படிச்சவங்களுக்கு அது எங்க தெரியப்போவுது.” அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. என் கட்டிலும் அப்படி எழுதிய தாள்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் அந்தக் காரணத்துக்குப் போட்ட மதிப்பெண்ணை அடித்துச் சுழியம் போட்டேன். ஒரு தாள் அதனால் தேர்ச்சிக்குக் கீழே இறங்கியது. அதில் மற்ற விடைகளை இன்னொரு முறை வாசித்து, எங்காவது மதிப்பெண் விட்டுப்போயிருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. அப்படியே வைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் கூட்டமாகக் கேண்டீனுக்குப் போனார்கள். நான் கொண்டுபோன தயிர்சாதத்தை மேஜையிலேயே சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தாள் வந்தது. கையெழுத்து சுமார். படத்தின் கீழே எழுதியிருந்தது: ‘மரம் ஒன்றுதான். ஏ–சி அதன் சுற்றில் தனிப் பெரியது. பி–டி அதன் சுற்றில் தனிப் பெரியது. எடை திரும்ப வருவது இங்கே பாதிக்காது.’ நான் பேனாவை வைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். காலையிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்ததை முன்பே ஒரு பிள்ளை ஏதோ ஒரு தேர்வறையில் தனியாக உட்கார்ந்து எழுதியிருக்கிறது. ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. தாளில் பெயரையும் பதிவெண்ணையும் மறைத்துப் போட்ட ஒரு போலி எண் மட்டும்தான். ஓரத்தில் ‘நன்று’ என்று எழுத ஆசையாக இருந்தது. மதிப்பெண் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்பது விதி. முழு மதிப்பெண் போட்டேன். சாயங்காலம் கட்டைக் கட்டி எடுத்துப் போய்விட்டார்கள்.

அன்று பௌர்ணமி. பேருந்து நகரவே இல்லை. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் சாலை முழுக்க வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தது. பாதி வழியில் இறங்கி, அந்தக் கூட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக நடந்து வீடு சேர்ந்தேன். சென்னையிலிருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். முகாமில் ஒரு கேள்வியின் விடையை மாற்ற வைத்தேன் என்றேன்.

“உனக்கு ஏன்டி வம்பு,” என்றாள் அக்கா. பிறகு, “சாப்ட்டியா?” என்று கேட்டாள்.

“சாப்ட்டேன்,” என்றேன். அடுப்பைப் பற்றவைக்க மனம் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கீழே போகிற கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அந்த இளம் விரிவுரையாளர் என் மேஜைக்கு வந்து நின்றார். கையில் ஒரு துண்டுக் காகிதம்.

“மேடம், பி–டி-யை நாலுக்குப் பதிலா மூணுன்னு போட்டுப் பார்த்தேன். பி, சி, டி சுற்றுல ரெண்டு, மூணு, மூணு. பெருசு தனியா இல்ல. அப்ப ரெண்டு மரம், சரிங்களா?”

“சரிதான் சார். சி–டி வச்சு ஒண்ணு, பி–டி வச்சு ஒண்ணு. ரெண்டே ரெண்டு.”

“ஏ–சி?”

“அது அப்பவும் வராது.”

காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். சிரித்தார். பிறகு தன் கல்லூரிக்காரர்கள் இருந்த பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். நான் புதிய கட்டின் நூலை அவிழ்த்தேன்.