தூக்கிப் பார்த்து வாங்கிய சைக்கிள்

சிதம்பரத்தில் ஒரு மளிகை மொத்தக் கடையில் இருபத்திரண்டு வருடமாக எடை போடுகிறேன். கடையைத் திறப்பதும் நான்தான். சாவி என் இடுப்பில் இருக்கும். காலை ஆறரைக்குக் கதவு திறந்திருந்தால்தான் சுற்றுவட்டாரக் கடைக்காரர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். ஐந்து நிமிடம் தாமதித்தால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

வீடு புவனகிரியில். அங்கிருந்து கடைக்கு எட்டு கிலோமீட்டர். அத்தனை வருடமும் சைக்கிள்தான். போன வருடம் வலது முட்டி வீங்கியது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மிதிக்கலாம், அழுத்தி மிதிக்கக் கூடாது என்றார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது அழுத்தாமல் எப்படி மிதிப்பது? இறங்கித் தள்ளினேன். பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அந்த நேரத்து பஸ் ஒரு நாள் ஆறு மணிக்கு வரும், ஒரு நாள் ஆறே முக்காலுக்கு வரும். ஒரே மாதத்தில் நான்கு தடவை தாமதம்.

முதலாளி என்னைவிடச் சின்னவர். திட்டத் தெரியாது. "அண்ணே, ஒண்ணாந்தேதி வரைக்கும் பாக்கறேன். அப்புறம் சாவிய வேற ஆள்கிட்ட குடுத்துடலாம். நீங்க பத்து மணிக்கு மெதுவா வாங்க, போதும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பத்து மணிக்கு வருகிற ஆளுக்கு அந்தக் கடையில் என்ன வேலை என்பது எனக்குத் தெரியும். தராசைத் துடைத்தேன்.

என் மனைவியின் தம்பிக்கு விஷயம் போய்விட்டது. ஸ்கூட்டர் வாங்கச் சொன்னான். என்னிடம் லைசென்ஸ் இல்லை. ஒரு தடவை அதற்காக ஆபீஸ் வரை போயிருக்கிறேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் தொட வேண்டும் என்றார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவன், அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"அப்பன்னா எலெக்ட்ரிக் சைக்கிள்தான் மாமா. இருநூத்தம்பது வாட்டுக்குள்ள, இருவத்தஞ்சு ஸ்பீடுக்குள்ள இருந்தா லைசென்ஸும் வாணாம், நம்பர் பிளேட்டும் வாணாம்" என்றான் மச்சான்.

நம்பர் பிளேட் வேண்டாம் என்றதும் அவன் சிரித்தான். எனக்கு அதுதான் கவலை. எங்கள் வீடு மாடியில் ஒரு போர்ஷன். கீழே படிக்கட்டுக்கு அடியில்தான் சைக்கிள் நிற்கும். முந்தின சைக்கிளை அங்கிருந்துதான் எவனோ ஓட்டிக்கொண்டு போனான். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள வண்டியை, நம்பரே இல்லாத வண்டியை, அதே இடத்தில் எப்படி விடுவது? மாடிக்குப் பதினேழு படி. தூக்கிக்கொண்டு ஏறலாம் என்றால் முட்டி இருக்கிறது. இந்தப் பதினேழு படி என் தலைக்குள் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கடலூருக்கு பஸ் ஏறினோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஷோரூம். உள்ளே ஏசி. செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று வாசலில் நின்றேன். மச்சான் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினான்.

விற்பனைக்கு இருந்த பெண் நன்றாகப் பேசினாள். முதலில் காட்டியது கறுப்பு வண்டி. மோட்டார் சக்கரத்தில் இல்லை, நடுவில், பெடல் சுற்றுகிற இடத்தில் இருந்தது. பேட்டரி வெளியே தெரியவே இல்லை, குழாய்க்குள் வைத்து மூடியிருந்தார்கள்.

"மிட் மோட்டார் சார். செயின் வழியா இழுக்கும், நீங்க கியர் மாத்தினா அதுக்கும் பலம் கூடும். மேடு ஏறணும்னா இதான் பெஸ்ட். வெயிட்டும் இருவது கிலோதான்."

"இதான் மாமா! பாக்க சினிமாவுல வர்ற மாரி இருக்கு" என்றான் மச்சான். ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சரக்கு வந்தாலும், மூட்டையில் என்ன எழுதியிருந்தாலும், முதலில் கையால் தூக்குவோம். தராசு அப்புறம்தான். எழுத்தை நம்பி மூட்டையை இறக்க மாட்டோம். ஷோரூமில் அதெல்லாம் செய்யக் கூடாது என்று எனக்குத் தெரியும். கண்ணாடி மாதிரித் தரை, நல்ல துணி போட்ட மனிதர்கள். ஆனால் பதினேழு படி இருக்கிறதே. குனிந்தேன். ஒரு கையால் சீட்டுக்குக் கீழ்க் குழாயையும், இன்னொரு கையால் ஹேண்டில் கழுத்தையும் பிடித்து, தரையை விட்டு ஒரு சாண் தூக்கிப் பிடித்துவிட்டு இறக்கினேன்.

"இருபத்தி மூணு இருக்கும்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இன்னா சார்?"

"இருபத்தி மூணு கிலோ. இருபது இல்ல."

அவள் அட்டையைக் காட்டினாள். இருபது என்று அச்சடித்திருந்தது. மச்சானுக்கு வெட்கமாகிவிட்டது. "இன்னா மாமா நீ, மொளகா மூட்டைன்னு நெனச்சியா? கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா?"

அங்கேயே தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன். எப்போதும் அப்படித்தான். ஆனால் மூன்று கிலோ என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் பார்சல் ஆபீஸ் இருப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். வாசலில் தட்டுத் தராசு இருந்தது. "அங்க வெச்சுப் பாத்துடலாமா?" என்று கேட்டேன்.

ஷோரூம் முதலாளியே வெளியே வந்துவிட்டார். மூன்று பேரும் வண்டியை உருட்டிக்கொண்டு போய்த் தராசில் நிறுத்தினோம். பார்சல் ஆபீஸ் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இருபத்தி மூன்று கிலோ இருநூறு கிராம்.

"இருநூறு கிராம உட்டுட்டியே மாமா" என்றான் மச்சான், கொஞ்சம் பெருமையாக.

முதலாளி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அடியில், எறும்பு மாதிரி எழுத்தில், பேட்டரி சேர்க்காமல் என்று போட்டிருந்தது. அவர் கோபப்படவில்லை. "இத்தினி நாளா நானே பாக்கல. உக்காருங்கண்ணே, உங்களுக்கு இன்னா தேவைன்னு சொல்லுங்க" என்று நாற்காலி போட்டார்.

அதன் பிறகு எனக்குப் பேச்சு வந்தது. நான் போகிற வழியில் மேடு என்றால் ஒரு பாலம், அவ்வளவுதான். நடு மோட்டார் கெட்டால் புவனகிரியில் யார் திறப்பார்கள் என்று கேட்டேன். யாராலும் முடியாது, இங்கேதான் கொண்டுவர வேண்டும், செயினும் அதில் சீக்கிரம் தேயும் என்று அவரே சொன்னார். பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த வண்டி ஒன்றைக் காட்டினார். அதில் பஞ்சர் ஆனால் சக்கரத்தைக் கழற்றுவது சிரமம். முதலில் மோட்டார் வயரின் பிளக்கைப் பிரிக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது நட்டை நன்றாக இறுக்க வேண்டும். ஆனால் ஒரு தடவை செய்து காட்டினால் எங்கள் ஊர் சைக்கிள் கடைக்காரரே செய்துவிடுவார்.

பேட்டரி இரண்டு அளவில் இருந்தது. மச்சான் பெரியது வாங்கச் சொன்னான். அதில் எவ்வளவு கரண்ட் நிற்கும் என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன். வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கச் சொன்னார் முதலாளி. ஐந்தாவதோடு நின்றவன் என்றாலும் பெருக்கல் எனக்கு மூச்சு மாதிரி. பெரியது முப்பத்தாறு பெருக்கல் பத்து, முந்நூற்று அறுபது வாட் ஹவர். சின்னது முப்பத்தாறு பெருக்கல் ஏழரை, இருநூற்று எழுபது. மிதிக்காமல் ஓட்டினால் கிலோமீட்டருக்குப் பதினைந்து வாட் ஹவர் ஆகலாம், கூடவே மிதித்தால் பத்து போதும் என்றார். போக வரப் பதினாறு கிலோமீட்டர். மிதிக்காமலே போனாலும் இருநூற்று நாற்பதுதான்.

"சின்னதே போதும்" என்றேன். பெரியது முக்கால் கிலோ அதிகம். அதைத் தினமும் மாடிக்குத் தூக்கப்போவது நான்.

தூக்க வேண்டியது பேட்டரியை மட்டும்தான். இந்த வண்டியில் சாவி போட்டுத் திருகினால் பேட்டரி கையோடு வந்துவிடும். இரண்டேகால் கிலோ. வண்டியைக் கீழே சங்கிலியால் கட்டிவிட்டு, பேட்டரியை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போடலாம். அது இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு போய்த் திருடன் என்ன செய்வான்? பகலில் வண்டி கடைக் குடோனுக்குள் நிற்கும். ஃபிரேமில் குத்தியிருந்த நம்பரைப் பில்லில் எழுதச் சொன்னேன். நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்கு அதுதான் அடையாளம். அங்கிருந்த பூட்டுகளையும் சங்கிலிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனமானதாக வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது அந்தப் பெண் சீட்டுக்கு அடியில் ஒரு கைப்பிடியைத் திருப்பிக் காட்டினாள். "ஸ்பேனரே தேவையில்ல சார். ஒரு நொடியில சீட்ட ஏத்தலாம் எறக்கலாம்." நல்ல வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு ஓட்ட ஆரம்பித்தேன். பாலத்தில் பின்னாலிருந்து யாரோ தள்ளிவிடுவது போல இருந்தது. முட்டி முனகவில்லை. ஆறு இருபதுக்கெல்லாம் கடை வாசலில் இருந்தேன். இப்படி எட்டு நாள். மறுநாள் ஒண்ணாந்தேதி.

அன்று காலை ஐந்தே முக்காலுக்குப் பேட்டரியைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். வண்டி இருந்தது. சங்கிலி அப்படியே இருந்தது. பூட்டு இருந்தது. சீட்டைக் காணோம். குழாய் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

எனக்கு முதலில் கோபம் வரவில்லை. மோட்டாரை நினைத்தேன், பேட்டரியை நினைத்தேன், வண்டி எடையை கிராம் வரைக்கும் பார்த்தேன், உட்காருகிற இடத்தை நினைக்கவில்லையே என்றுதான் தோன்றியது. சைக்கிள் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும். பஸ்ஸை நம்ப முடியாது. இடுப்பில் சாவி குத்தியது.

பேட்டரியை மாட்டினேன். இடது பெடலைக் கீழே இறக்கி, நல்ல காலை அதில் ஊன்றி நின்றேன். கெட்ட காலைச் சும்மா மேல் பெடலில் வைத்தேன். ஹேண்டிலில் இருந்த ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருகினேன். வண்டி நகர்ந்தது. மிதிக்கத் தேவையில்லை, நிற்கத் தெரிந்தால் போதும்.

புவனகிரிக் கடைத்தெரு முழுக்க என்னைப் பார்த்தது. டீக்கடையிலிருந்து ஒருவர் கத்தினார்: "இன்னாண்ணே, உக்கார எடமில்லையா? அடுத்த பஸ்ஸுல வா!" பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்புக்குப் பயந்து இறங்கி, சந்து வழியாகத் தள்ளிக்கொண்டு போயிருப்பேன். அன்று ஹேண்டிலை விட முடியாது என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன். பாலத்தில் வேகம் குறைந்தது, நிற்கவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் நின்று இடது காலை உதறிக்கொண்டேன்.

ஆறு இருபத்தெட்டுக்குப் பூட்டைத் திறந்தேன். பேட்டரியில் நான்கு கோட்டில் இரண்டு மிச்சம் இருந்தது. வீட்டுக்குத் திரும்ப அது போதும்.

ஏழு மணிக்கு முதலாளி வந்தார். குடோனில் வண்டியைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "சீட்டு எங்கண்ணே?"

"யாரோ எடுத்துனு போய்ட்டாங்க."

"அப்ப எப்டி வந்தீங்க?"

"நின்னுக்கினே வந்தேன்."

அவர் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார். சாவியைப் பற்றி அன்று எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் கடையில் ஒரு பழைய சீட்டு போட்டுக்கொண்டேன். கைப்பிடியைக் கழற்றிவிட்டு நட்டு போட்டு முறுக்கச் சொன்னேன். இப்போது அதை ஏற்ற இறக்க ஸ்பேனர் வேண்டும். நான் ஏற்றுவதும் இல்லை, இறக்குவதும் இல்லை.