தேடலில் அகப்படாத கட்டுரை

கல்கத்தாவில் எந்த வேலையையும் துர்கா பூஜைக்குப் பிறகு என்று தள்ளிப்போடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நாங்கள் ஒரு ஆய்வுத் திட்டத்தை எழுதி முடிக்க வேண்டியிருந்தது. அதை மூன்று பூஜைகளுக்கு அப்புறம் என்று தள்ளிவிட்டோம். கடைசியில், இரண்டாயிரங்களின் இறுதி வருடங்களில், துறைத்தலைவர் இனி பூஜை என்ற சொல்லே காதில் விழக்கூடாது என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தோம்.

நான் அப்போது ஒரு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையில் உளவியலாளராக இருந்தேன். எங்கள் திட்டம் இதுதான். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளின் பதற்றத்துக்கு மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி உதவுகிறதா என்று உலகத்தில் நடந்த ஆய்வுகளை எல்லாம் தேடிப் பிடித்து, தரம் பார்த்து, சேர்த்துச் சொல்வது. நடக்கிற மூச்சையும் நினைப்பையும் நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பதுதான் அந்தப் பயிற்சி. தீர்ப்பே சொல்லக்கூடாத ஒரு விஷயத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொல்ல நாங்கள் கூடினோம் என்பதை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை.

இப்படிப்பட்ட வேலையில் முதல் விதி, தேடுவதற்கு முன்பே விதிகளை எழுதி வைத்துவிடுவது. எந்த வயது, எந்தப் பயிற்சி, எதோடு ஒப்பிட்டது, எதை அளந்தது, எப்படி நடந்த ஆய்வு. முடிவுகளைப் பார்த்த பிறகு விதியை வளைத்தால் அது ஆய்வாகாது, கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற கதையாகிவிடும். குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்த ஆய்வுகளை மட்டுமே சேர்ப்போம் என்ற விதியை எழுதியவள் நான்தான். துறைத்தலைவர் வேண்டாம் என்றுகூடச் சொன்னார். நான் விடவில்லை. விதி என்று வந்துவிட்டால் நான் கொஞ்சம் மோசம்.

என்னோடு வேலை செய்தவள் துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர் ஒருவரின் பெண். புள்ளியியல் படித்தவள். இங்கேயே பிறந்து வளர்ந்ததால் வங்காள மொழியில் சண்டை போடுவாள், தமிழில் சமாதானமாகப் பேசுவாள். என்னை அக்கா என்று கூப்பிட அவளுக்கு வாய் வராது. தீதி தான்.

தேடல் உத்தியை நூலகரிடம் எடுத்துப் போனோம். ஐப்பசியிலேயே குரங்குக் குல்லா போட்டுக்கொள்ளும் மனிதர். நாங்கள் மூன்று கட்டாக வார்த்தைகளைக் கோத்திருந்தோம். முதல் கட்டில் பயிற்சியின் பெயர்கள், இரண்டாவதில் பதற்றத்துக்கான பெயர்கள், மூன்றாவதில் வயதுக்கான பெயர்கள். ஒவ்வொரு கட்டுக்குள்ளும் 'அல்லது', கட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் 'மற்றும்'. அந்த நாளில் மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்று தனித் தலைப்பே கிடையாது, தியானம் என்ற தலைப்போடு கட்டுரையின் சொந்த வார்த்தைகளையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். நூலகர் தாளை மேலிருந்து கீழே ஒரு முறை பார்த்துவிட்டு, கட்டாயம் அகப்பட வேண்டிய கட்டுரைகள் பத்தைக் கொடுங்கள், உங்கள் தேடல் அவற்றைப் பிடிக்கிறதா பார்க்கலாம் என்றார்.

ஒன்பது கட்டுரைகளைக் கொடுத்தேன். பத்தாவதாக, ரொம்ப அடக்கத்தோடு, என்னுடையதையும் எழுதினேன். என் பெயரில் வந்த ஒரே கட்டுரை அது. சில வருடங்களுக்கு முன் காளிகாட் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில், நானே நடத்திய ஆய்வு. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த இதழை எப்படியாவது மேசை மேல் கிடக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

கரண்ட் போய், வந்து, இணையம் ஒருவழியாக நகர்ந்தது. ஒன்பது அகப்பட்டன. என்னுடையது அகப்படவில்லை.

தரவுத்தளத்திலேயே இல்லையோ என்று பார்த்தால், இருக்கிறது. தலைப்பைப் போட்டுத் தேடினால் வந்து நிற்கிறது. எங்கள் தேடலுக்குத்தான் பிடி கொடுக்கவில்லை. காரணம் எனக்கு உடனே புரிந்தது, காது சூடாகிவிட்டது. பள்ளித் தலைமை ஆசிரியை அன்று இரண்டு நிபந்தனை போட்டிருந்தார். தியானம் என்று சொல்லாதீர்கள், பாதிப் பெற்றோர் மதம் என்பார்கள். பதற்றம் என்றும் சொல்லாதீர்கள், மீதிப் பெற்றோர் எங்கள் பெண்ணுக்குப் பைத்தியமா என்பார்கள். அதனால் டிரில் பீரியடில் மூச்சு வகுப்பு என்று வைத்தோம், பதற்றம் பரீட்சை பயம் ஆயிற்று. அதே வார்த்தைகளைக் கட்டுரையிலும் எழுதிவிட்டேன். பெற்றோருக்காக மறைத்ததைக் கம்ப்யூட்டரும் நம்பிவிட்டது.

மூச்சு, பயம் இரண்டையும் கட்டில் சேர்த்துவிடலாம் என்றேன். சேர்த்தோம். ஆஸ்துமா, குறட்டை, பல் டாக்டரிடம் பயம் என்று ஆயிரக்கணக்கில் கொட்டியது. நூலகர் தேநீர் குடித்த மண் குவளையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தார். மூச்சுக்கு மூன்று வார்த்தைக்குள் கவனம் என்ற சொல் இருந்தால் மட்டும், பயத்துக்கு மூன்று வார்த்தைக்குள் பரீட்சை இருந்தால் மட்டும் என்று கட்டளையை மாற்றினார். என் கட்டுரை வந்தது. அதோடு நாங்கள் கேள்வியே பட்டிராத இரண்டு கட்டுரைகளும் வந்தன. அவற்றை எழுதியவர்களும் எங்கோ ஒரு தலைமை ஆசிரியைக்குப் பயந்தவர்கள்தான் என்று படித்ததும் தெரிந்தது.

அடுத்தது தரம் பார்க்கும் படிவம். ஒரு ஆய்வின் முடிவு எந்த இடத்திலெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம் என்று கேள்வி கேட்கும் படிவம் அது. குழு பிரித்த வரிசை உண்மையில் குலுக்கல்தானா, அடுத்த பிள்ளை எந்தக் குழு என்பது சேர்க்கிறவருக்கு முன்பே தெரியுமா, யார் எந்தக் குழு என்பது பிள்ளைகளுக்கும் அளந்தவருக்கும் தெரியுமா, பாதியில் போனவர்கள் எத்தனை பேர், அளந்ததை எல்லாம் சொன்னார்களா. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை, தெளிவில்லை என்று பதில். கூடவே அதற்கு ஆதாரமான வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்து எழுத வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிட வேண்டும். படிவத்தைச் சோதித்துப் பார்க்க நாலைந்து கட்டுரைகளை எடுத்தோம், என்னுடையதும் அதில் ஒன்று. தன் கட்டுரைக்குத் தானே மார்க் போடக்கூடாது என்பதால் புள்ளியியல் படித்த அவளும் துறைத்தலைவரும் போட்டார்கள். நான் வெளியே போய் வராந்தாவில் நின்றேன். மார்க் ஷீட் வாங்கப் போகிற நாளில் நிற்கிற மாதிரியேதான்.

குழு தெரியுமா என்ற கேள்விக்கு இருவரும் என்னைக் கவிழ்த்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் அவளுக்கு மூச்சு வகுப்பு எடுக்க யாராலும் முடியாது. குழு பிரித்த கேள்விகள் இரண்டுக்கும் இருவருமே 'தெளிவில்லை' போட்டிருந்தார்கள். கட்டுரையில் நான் எழுதியது ஒரே வரி: மாணவிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்.

தெளிவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்றும் நானே எழுதியிருந்தேன். கட்டுரை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி விளக்கம் கேட்க வேண்டும்.

மறுநாள் காலை என் மேசையில் ஒரு உறை இருந்தது. எதிர் மேசையில் அவள் குனிந்து ஏதோ கணக்குக் கூட்டிக்கொண்டிருந்தாள். மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு என்று தொடங்கி, தங்கள் ஆய்வு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்ற வரியோடு முடிந்தது கடிதம். கடிதத்தின் மாதிரியில் அந்த வரியை முகஸ்துதிக்காகச் சேர்த்தவளும் நான்தான். ஆனாலும் படித்தபோது ஒரு நிமிஷம் குளிர்ந்துபோனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். ரோல் நம்பரில் ஒற்றைப்படை மூச்சு வகுப்புக்கு, இரட்டைப்படை வழக்கமான டிரிலுக்கு. அது குலுக்கல் இல்லை, பட்டியலைப் பார்த்தாலே யார் எங்கே என்று தெரிந்துவிடும். அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இரட்டைப்படையில் நாலு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி பரீட்சை அன்று வாந்தி எடுப்பாள், இன்னொருத்தி கேள்வித்தாளைத் தொடமாட்டாள். அந்த நாலு பேரையும் என் கையாலேயே மூச்சு வகுப்புக்கு மாற்றினேன். எண்ணிக்கை சரியாக இருக்க, ஒற்றைப்படையில் அலட்டிக்கொள்ளாத நாலு பேரை டிரிலுக்கு அனுப்பினேன். குலுக்கல்தானா என்று இதழாசிரியர் பின்னால் கேட்டபோது ஆம் என்று எழுதிவிட்டேன். அதிகமாகப் பயந்தவர்கள் அடுத்த முறை அளக்கும்போது எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கித்தான் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை.

உண்மையைப் பதிலாக எழுதினால், என் விதிப்படியே என் கட்டுரை வெளியே. எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. மத்தியானம் வரை இழுத்தேன். அப்புறம் திட்டத்தை எடுத்து, ரோல் நம்பர் மாதிரி முறையில் பிரித்த ஆய்வுகளையும் சேர்க்கலாம் என்று பென்சிலால் ஒரு வரி எழுதி, அவளிடம் நீட்டினேன். இன்னும் திட்டம் முடியவில்லை, திருத்த இடம் உண்டு, நிறையப் பேர் இப்படிச் சேர்க்கிறார்கள் என்று நீளமாக விளக்கினேன். அவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள்.

"சேக்கலாம் தீதி. உங்க கட்டுரை இதுல இல்லேன்னா இந்த வரிய எழுதியிருப்பீங்களா?"

நான் ரப்பரை எடுத்து அழித்தேன். பிறகு அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே எல்லாவற்றையும் எழுதினேன், நாலு பெண்களையும் சேர்த்து. நடுவில் நான் பேனாவை மூடி மூடித் திறந்ததைப் பார்த்துவிட்டு, மூச்சைக் கவனிங்க என்று சொன்னாள் அந்தப் போக்கிரி.

பதிலை வாங்கி, தேதி போட்டு, கோப்பில் வைத்தாள். மற்ற ஆசிரியர்கள் யாரும் இத்தனை சீக்கிரம் பதில் போடப் போவதில்லை என்றாள். அப்புறம் சும்மா இருக்காமல், அந்த நாலு பேரும் பரீட்சை எழுதினார்களா என்று கேட்டாள். எழுதினார்கள் என்றேன். வாந்தி எடுப்பவளும் எழுதினாள், ஆனால் மூச்சு வகுப்பால்தான் எழுதினாள் என்று என்னால் சொல்ல முடியாது என்றேன். சொல்ல முடியாதபடி செய்தவள் நானேதான்.

சில மாதம் கழித்துத் திட்டம் முடிந்து, உண்மையான தேடல் நடந்தது. நீக்கப்பட்ட ஆய்வுகளின் பட்டியலில் என் பெயரும், பக்கத்தில் ஒரு வரியில் காரணமும் இருந்தன. எழுத்துப்பிழை பார்க்கும் பொறுப்பு என்னுடையது, அந்த வரியில் திருத்த ஒன்றுமில்லை. பயமும் பரீட்சையும் மூன்று வார்த்தைக்குள் என்ற தேடல் வரியை மட்டும் நூலகர் நீக்க விடவில்லை. அந்த வரியில் வந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்று, குலுக்கலைச் சீட்டுப் போட்டு, உறையில் இட்டு ஒட்டி, ஒழுங்காகச் செய்திருந்தது. அது உள்ளே போயிற்று. அதை எழுதியவரை எனக்குத் தெரியாது. அவருக்கு மட்டும் கடிதம் எழுதத் தேவையே இருக்கவில்லை.