அரக்கு வைத்த ப்ரீ போர்டு

சிவராமன் சாருக்குக் கோபம் வராது. காரைக்காலின் அந்தத் தனியார் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறவர். இந்தக் குணத்தைப் பார்த்துத்தான், போர்டு மெயின் தேர்வுக்கு ஒத்திகையான ப்ரீ போர்டு தேர்வுப் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள்.

டிசம்பரில் நடந்த முதல் ப்ரீ போர்டு ஒரு கல்யாண வீடு. கேள்வித்தாள் முந்தின நாளே ஸ்டாஃப் ரூம் மேசையில் மல்லாந்து கிடந்தது. பாதித் தேர்வில் ஒருவன் தண்ணீர் குடிக்கப் போய், சமோசாவோடு திரும்பினான். பதினோரு மணிக்கு நௌஷின் வந்தாள்.

"ஏம்மா, இப்பதான் விடிஞ்சுதா?"

"கீழவாஞ்சூர்ல நிலக்கரி லாரி மறிச்சிக்கிச்சு சார். ப்ரீ போர்டுதானே சார்."

சார் அவளுக்கு அரை மணி நேரம் கூடக் கொடுத்தார். கேள்வி எழுதினவரும் அவரே, காவல் நின்றவரும் அவரே, திருத்தினவரும் அவரே. அந்த மதிப்பெண் பெற்றோரை அழவைக்கும். மற்றபடி போர்டு ரிசல்ட்டில் ஒட்டாது. யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. வகுப்பிலேயே கெட்டிக்காரி நௌஷின். மெயின் தேர்வு வேறு பள்ளியில். பத்து மணிக்கு கேட்டை மூடினால் மூடினதுதான். அங்கே போய் லாரிக் கதை சொன்னால் அந்தப் பாடமே போய்விடும். 'கேட் திறக்கும்' என்று அவளுக்குப் பழக்கிவிட்டது யார்?

சிவராமன் சார் சிலிர்த்துக்கொண்டார். ஜனவரியில் இரண்டாவது ப்ரீ போர்டு, அசல் மெயின் மாதிரியே என்று அறிவித்தார். நீல மை. ஊடுருவித் தெரிகிற பவுச். பத்தேகாலுக்குக் கேள்வித்தாள், கால் மணி நேரம் படிக்க மட்டும், பத்தரைக்குத்தான் பேனா தொடலாம். கேட்டில் நிற்க விளையாட்டு டீச்சர் பிரதீபாவைப் பிடித்தார்.

"பத்துக்கு மேல யாரையும் விடாதீங்க டீச்சர்."

"யாரையுமா சார்?"

"நானே வந்தாலும்."

பிரதீபா டீச்சர் விசிலைத் துடைத்துக்கொண்டார்.

தேர்வு நாள் காலை, கேள்வித்தாள் கட்டு சாரின் தருமபுரம் வீட்டில் பத்திரமாக இருந்தது. மெயினில் சீல் வைத்த கட்டைப் பிள்ளைகள் முன்னால் காட்டுவார்களே, அதுபோல வேண்டும் என்று அரக்கு வாங்கி வைத்திருந்தார். அரக்கை உருக்க எந்தக் கரண்டி என்பதில் வீட்டில் பெரிய விவாதம். கடைசியில் பால் பாத்திரம் பலியானது. முதல் சீல் சட்டையில் விழுந்தது. இரண்டாவது சீல் கட்டின்மேல் விழுந்தது. ஸ்கூட்டரை முடுக்கினால் மெயின் ரோட்டில் லாரி வரிசை, ஒன்றன் பின் ஒன்றாக.

பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே ஐந்து. கேட் மூடியிருந்தது.

"டீச்சர், திறங்க!"

"மன்னிச்சுக்குங்க சார். நீங்களே வந்தாலும்னு சொன்னீங்க."

"கேள்வித்தாளே எங்கிட்டதாங்க இருக்கு!"

பிரதீபா டீச்சர் யோசித்தார். "பேப்பருக்கு நீங்க ரூல் போடல. அதைக் குடுங்க."

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "ப்ரீ போர்டுதானே பிரதீபா, திறந்து விடுங்க!"

டீச்சர் சாவியை எடுத்துவிட்டார். அப்போதுதான் சார் ஜன்னலைப் பார்த்தார். கம்பியைப் பிடித்தபடி நௌஷின். இன்றைக்கு ஒன்பதரைக்கே வந்துவிட்டிருந்தாள். கேட் திறக்கிறதா இல்லையா என்று, கிரிக்கெட்டில் கடைசிப் பந்தைப் பார்க்கிறவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திறக்காதீங்க டீச்சர்," என்றார் சார்.

கேள்வித்தாள் கட்டைக் கேட் கம்பிகளுக்கிடையில் நுழைத்தார். அரக்கு சீல் உடைந்து உள்ளே விழுந்தது. பிறகு எதிர்த்த டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். லாரிகள் அவர்மேல் கரி பூசிக்கொண்டு போயின. தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தி, "என்ன சார், சஸ்பெண்டா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு டீச்சர் கேட்டருகே வந்தார். "சார், இருபத்தி மூணாவது கேள்வியில வருஷம் தப்பா இருக்காம். பசங்க கேக்குறாங்க."

"மெயின்ல கேட்டா சொல்லுவாங்களா? தெரிஞ்சத எழுதச் சொல்லுங்க."

தப்பு அவருடையதுதான். அதைச் சொல்ல டீக்கடைக்காரரைத் தவிர அங்கே யாருமில்லை.

ஒன்றரைக்கு கேட் திறந்தது. நௌஷின் நேராக அவரிடம் வந்தாள்.

"நெசமாவே வெளியவே இருந்துட்டீங்களா சார்?"

"மெயினும் இப்படித்தான்."

அவள் சிரிக்கவில்லை. அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது.

மெயின் தொடங்கிய அன்று சாருக்கு வேறொரு மையத்தில் மேற்பார்வை வேலை. காலையில் சட்டையில் ஒரு கை நுழைத்து, மறு கையால் அந்த அரக்குக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"சார், நான் சென்டர் வாசல்ல நிக்கிறேன். கேட்டே இன்னும் திறக்கல," என்றாள் நௌஷின். "நீங்க கெளம்பிட்டீங்களா சார்? லாரி வரிசையா நிக்குது."